"தட்டை வீசினான்" என்பதற்கு அப்புறம் என்ன எழுதுவது? ஆட்டிசம் உள்ள குழந்தைக்கான தினசரி வீடு–பள்ளி நோட்டு

"இன்று ரொம்ப அடம். சாப்பாட்டுத் தட்டை வீசிவிட்டான். வீட்டில் கண்டித்து அனுப்பவும்."

குடியாத்தம், கே.வி.குப்பம் பக்கத்துப் பள்ளிகளுக்குச் சிறப்பாசிரியராகப் போய்வரும்போது, குழந்தைகளின் டைரியில் இந்த மாதிரி வரிகளை அடிக்கடி பார்க்கிறேன். எழுதிய டீச்சருக்குக் கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. ஒரு வகுப்பு முழுக்கப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு, நாலு மணிக்கு ஆட்டோக்காரர் ஹாரன் அடிக்கும்போது கை இப்படித்தான் எழுதும். ஆனால் இந்த மூன்று வரியை வைத்து வீட்டில் செய்யக்கூடியது ஒன்றே ஒன்றுதான்: நாலு அடி. ஏழு வயதுப் பையன், ஆட்டிசம், பேச்சு நாலைந்து சொல்லோடு நிற்கிறது. மதியம் ஒரு மணிக்கு நடந்ததற்கு ராத்திரி எட்டு மணிக்கு அடி விழுந்தால், எதற்கு விழுந்தது என்று அவனுக்குத் தெரியவே போவதில்லை.

அதே நாளை அதே டீச்சர் இப்படி எழுதியிருக்கலாம்: "12:50. சாம்பார் சாதம் முக்கால்வாசி சாப்பிட்டான். கை நின்றது. சத்துணவு ஆயாம்மா இன்னொரு கரண்டி வைத்தார். தட்டை வீசினான். தட்டை எடுத்ததும் குழாயடிக்குப் போய்க் கை கழுவினான். அழவில்லை." படித்ததுமே ஒரு கேள்வி எழுகிறது: பையனுக்கு வயிறு நிறைந்துவிட்டதோ? இந்தக் கேள்வியை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குத்தான் நோட்டு.

தட்டு வீசும் இந்தப் பையனையே கடைசிவரை கூட்டிக்கொண்டு போகிறேன். அம்மா வீட்டில் பீடி சுற்றுகிறார், அப்பா ராணிப்பேட்டைப் பக்கம் ஷூ கம்பெனியில் வேலை, பகலில் பையனைப் பார்த்துக்கொள்வது அப்பாவைப் பெற்ற ஆயா. அரசுத் தொடக்கப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு. ஊர், பேர் வேண்டாம்.

முதலில் நோட்டு

டைரி வேண்டாம். எண்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி, இதற்கென்றே தனியாக வையுங்கள். வீட்டுப்பாடமும் கட்டண ரசீதும் இதில் ஏறக்கூடாது. ஒரு நாளைக்கு ஒரு பக்கம். மேல் பாதி பள்ளிக்கு, கீழ் பாதி வீட்டுக்கு. நடுவில் ஒரு கோடு. நீளமாக எழுத இடம் இருக்கக்கூடாது என்பதுதான் எண்ணமே. அரைப் பக்கத்துக்கு மேல் போகும் குறிப்பை இரண்டு வாரத்துக்கு மேல் எந்த டீச்சராலும் எழுத முடியாது.

முதல் பக்கத்தில் தேதி போடாமல் சில விஷயங்களை எழுதிவையுங்கள். தண்ணீர் வேண்டுமென்றால் எப்படிக் காட்டுவான், கழிப்பறைக்கு எப்படிக் காட்டுவான், எந்தச் சத்தம் ஆகாது, எதைக் கையில் கொடுத்தால் அமைதியாவான், வலிப்பு உண்டா, என்ன மருந்து, எந்த போன் நம்பரில் கூப்பிட்டால் உடனே எடுப்பார்கள். மாற்று டீச்சர் வந்த அன்றைக்கு இந்தப் பக்கம்தான் கைகொடுக்கும்.

அம்மாவுக்குப் படிக்கச் சிரமம் என்றால் நோட்டைக் கைவிட வேண்டாம். நோட்டில் எழுதியதையே வாட்ஸ்அப்பில் அரை நிமிடக் குரல் பதிவாக அம்மாவின் நம்பருக்கு அனுப்புங்கள். அவர் நம்பருக்கு மட்டும். வகுப்புக் குழுவில் போடவே கூடாது. ஒரு குழந்தை தட்டை வீசியது மற்ற வீடுகளுக்குத் தெரிய வேண்டிய செய்தி இல்லை. அம்மா பதில் சொல்லவும் எழுத்து தேவையில்லை, டிக் போட்டால் போதும். அதைப் பிறகு சொல்கிறேன்.

பகலிலேயே கிறுக்கி வைப்பது

நாலு மணிக்கு உட்கார்ந்து நினைவிலிருந்து எழுதினால், கடைசியாக நடந்ததும் கத்தி நடந்ததும்தான் நினைவில் நிற்கும். காலையில் வரிசையில் அமைதியாக நின்றது மறந்துபோகும். அதனால் மேசை மேல் ஒரு துண்டுச் சீட்டு இருக்கட்டும். ஏதாவது நடந்தால் மணியையும் இரண்டு சொல்லையும் கிறுக்குங்கள்: "10:40 கரண்ட் போச்சு, காது பொத்தினான்." அவ்வளவுதான். மாலையில் இந்தச் சீட்டைப் பார்த்து நோட்டில் ஏற்ற ஐந்து நிமிடம் ஆகாது.

மேல் பாதியில் என்ன வரும்? காலையில் வந்தபோது எப்படி இருந்தான், என்ன எவ்வளவு சாப்பிட்டான், எத்தனை முறை கழிப்பறை போனான் என்று ஒரு வரி. தானாகவோ உதவியோடோ செய்த ஒரு வேலை பற்றி ஒரு வரி. சம்பவம் இருந்தால் அதற்கு மூன்று வரி. நாளைக்கு வழக்கத்துக்கு மாறாக ஏதாவது இருந்தால் ஒரு வரி. கடைசியாக வீட்டுக்கு ஒரு வேலை. சம்பவம் இல்லாத நாளிலும் நோட்டு போக வேண்டும். பிரச்சினை வந்தால் மட்டும் நோட்டு வருகிற வீட்டில், பையில் நோட்டைப் பார்த்ததுமே அம்மா முகம் மாறும். அதைப் பையனும் கவனிப்பான்.

"நாளைக்கு" என்ற வரியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். நம் ஊரில் அது ரொம்ப முக்கியம். சிவராத்திரி முடிந்து மயானக் கொள்ளை வருகிறதென்றால் தெருவில் பம்பையும் மேளமும் எப்படி இருக்கும் என்று வேலூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. டீச்சர் லீவு, வகுப்பறை மாற்றம், தடுப்பூசி போட ஆள் வருவது, எல்லாமே முன்னாடியே வீட்டுக்குத் தெரிந்தால் ராத்திரியே ஒரு படத்தைக் காட்டிச் சொல்லி அனுப்பலாம்.

கண்ணால் பார்த்தது, காதால் கேட்டது

எல்லாரும் தடுமாறும் இடம் இது. "கோபமாக இருந்தான்" என்பதைக் கண்ணால் பார்க்க முடியாது. "மேசையைக் கையால் அடித்தான், முகம் சிவந்தது, சுமார் 2 நிமிடம்" என்பதைப் பார்க்க முடியும். "வேண்டுமென்றே செய்தான்", "கவனம் இழுக்கத்தான்", "மூடு சரியில்லை", "சேட்டை" எல்லாம் நம் தீர்ப்பு. அறையில் ஒரு கேமரா இருந்திருந்தால் அதில் பதிவாகியிருக்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பதிவாகாது என்றால் எழுத வேண்டாம்.

எழுதவே கூடாது என்றில்லை. டீச்சருக்கு ஒரு யூகம் இருந்தால் அதற்கும் மதிப்பு உண்டு. ஆனால் தனி வரியில், "என் யூகம்:" என்று போட்டு எழுதுங்கள். அம்மா கீழே "வீட்டில் அப்படி இல்லை டீச்சர்" என்று மறுத்து எழுத வழி இருக்கும். நடந்ததும் யூகமும் ஒரே வாக்கியத்தில் கலந்துவிட்டால் யாராலும் பிரிக்க முடியாது.

சம்பவத்தை மூன்று துண்டாக எழுதுங்கள்: அதற்குச் சற்று முன் என்ன நடந்தது, அவன் என்ன செய்தான், அதன் பிறகு சுற்றியிருந்தவர்கள் என்ன செய்தார்கள். நடுத்துண்டை எல்லாரும் எழுதுவார்கள். முன்னும் பின்னும்தான் விட்டுப்போகும், ஆனால் காரணம் ஒளிந்திருப்பது அங்கேதான். நம் பையன் விஷயத்தில் "ஆயாம்மா இன்னொரு கரண்டி வைத்தார்" என்பது முன்துண்டு. "தட்டை எடுத்துக்கொண்டார்கள்" என்பது பின்துண்டு. வீசினால் தட்டு போய்விடுகிறது. அவன் பக்கத்திலிருந்து பார்த்தால் காரியம் நடந்துவிட்டது, அதனால் நாளைக்கும் வீசுவான்.

எண்ணிக்கை, நேரம் எழுதும்போது தெரிந்ததை மட்டும் எழுதுங்கள். "ரொம்ப நேரம் அழுதான்" என்பதைவிட "மணியடித்தபோது ஆரம்பித்தான், வரிசை வகுப்புக்குள் போனபோது நிறுத்தினான்" என்பது எவ்வளவோ மேல். கடிகாரம் பார்க்காவிட்டாலும் நேரம் கிடைத்துவிடுகிறது.

இன்னொரு பிள்ளையை அடித்தான், கடித்தான் என்றால் அந்தப் பிள்ளையின் பெயர் நோட்டில் வரக்கூடாது. "பக்கத்தில் உட்கார்ந்திருந்த பிள்ளை" போதும். பெயர் போனால் சாயங்காலம் இரண்டு வீட்டுக்கும் தெருவில் சண்டை. அப்புறம், நம் குழந்தைகளில் பேசாதவர்களிலும் சிலர் படிப்பார்கள். தன் நோட்டைத் தானே புரட்டிப் பார்க்கிற பிள்ளைகள் உண்டு. அவன் படித்தாலும் பரவாயில்லை என்கிற மாதிரி எழுதுங்கள்.

நடந்ததை நடந்தபடி எழுதுவதில் எதிர்பாராத ஒரு லாபமும் உண்டு. கேட்டதைத் திரும்பத் திரும்பச் சொல்லும் குழந்தை ஒருத்தி, ஒரு நாள் ராத்திரி முழுக்க "போச்சு போச்சு எல்லாம் வெளிய வா" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். வீட்டில் பயந்துவிட்டார்கள். நோட்டில் "2:15 கரண்ட் போச்சு, எல்லாரையும் மரத்தடிக்கு அழைத்துப் போனேன்" என்று இருந்தது. அவள் தன் நாளைச் சொல்லிக்கொண்டிருக்கிறாள் என்று அம்மாவுக்குப் புரிந்தது. "ஆமாம், கரண்ட் போச்சு, மரத்தடிக்குப் போனீங்க" என்று அம்மா பதில் சொன்னதும் அது ஒரு பேச்சாகவே ஆகிவிட்டது.

கீழ் பாதி: வீடு எழுதுவது

பள்ளி எழுத, வீடு கையெழுத்துப் போடுவது என்றால் அது ஒருவழிப் பாதை. காலையில் அனுப்பும்போது வீட்டிலிருந்து தெரிய வேண்டியது ஆறுதான்: ராத்திரி எத்தனை மணிக்குத் தூங்கி எத்தனை மணிக்கு எழுந்தான், நடுவில் விழித்தானா, காலையில் ஏதாவது சாப்பிட்டானா, மலம் போனானா, மருந்து உண்டென்றால் கொடுத்தாயிற்றா, நேற்றைய வேலை செய்தீர்களா. ஆறுக்கும் ஆறு கட்டம் வரைந்து நகல் எடுத்து ஒட்டிவிட்டால், டிக்கும் எண்ணும் போட்டால் போதும்.

மலம் போனதையெல்லாமா எழுதுவது என்று அம்மாக்கள் கூச்சப்படுவார்கள். ஆட்டிசம் உள்ள குழந்தைகளில் மலச்சிக்கல் சர்வசாதாரணம். இரண்டு மூன்று வகைச் சாப்பாட்டைத் தவிர வேறு எதையும் தொடாத பிள்ளைகளுக்கு இன்னும் அதிகம். வயிறு வலிக்கிறது என்று சொல்லத் தெரியாத பிள்ளை வேறு எப்படிச் சொல்லும்? மூன்று நாளாக அந்தக் கட்டத்தில் டிக் இல்லை, மூன்றாம் நாள் வகுப்பில் தலையைச் சுவரில் இடிக்கிறான் என்றால், முதலில் டாக்டரிடம்தான் போக வேண்டும். தூக்கமும் அப்படித்தான். ராத்திரி மூன்று மணிக்கு விழித்தவனை மறுநாள் பத்து மணிக்கு எழுதச் சொல்லி மல்லுக்கட்டக்கூடாது.

ஒரு வேலை, ஒன்றே ஒன்று

இப்போது வீட்டுக்கு எழுதும் கடைசி வரி. ஆசிரியர்களுக்கு இங்கே ஆசை மிகுந்துவிடும். "தினமும் எழுதப் பழக்கவும், செல்போன் தரவேண்டாம், தானே சாப்பிட வைக்கவும், பேச்சுப் பயிற்சி கொடுக்கவும்" என்று நாலு வேலை போகும். பீடிக் கட்டு எண்ணிக்கை முடிக்க வேண்டிய அம்மா நாலில் எதையும் செய்யமாட்டார், செய்யவில்லை என்ற குற்ற உணர்ச்சி மட்டும் மிஞ்சும். ஒன்று மட்டும் கொடுங்கள். அதுவும் அன்றைய மேல் பாதியிலிருந்தே பிறக்க வேண்டும், வீட்டில் எப்படியும் நடக்கிற ஒரு நேரத்தோடு ஒட்டியிருக்க வேண்டும், ஐந்து நிமிடத்துக்குள் முடிய வேண்டும். யார், எப்போது, எத்தனை தடவை, எங்கே நிறுத்துவது என்பதெல்லாம் அந்த வரியிலேயே இருக்க வேண்டும்.

நம் பையனுக்கு வருவோம். டீச்சர் ஒரு வாரம் வீட்டுக்கு எந்த வேலையும் கொடுக்காமல் மதியச் சாப்பாட்டை மட்டும் மூன்று துண்டாக எழுதினார். வாரம் முழுக்கப் பள்ளிக்கு வந்தான், நாலு நாள் தட்டை வீசினான். அதில் மூன்று நாள் ஒரே கதை: பாதிக்கு மேல் சாப்பிட்ட பிறகு, யாராவது இன்னும் வைத்தபோதோ "சாப்பிடு சாப்பிடு" என்று சொன்னபோதோ வீசினான். நாலாவது நாள் வேறு மாதிரி. ஒரு வாய்கூட வைக்கவில்லை; உட்கார்ந்த உடனே வீசினான். அன்றைக்குக் கரண்ட் இல்லை, ஃபேன் ஓடவில்லை, வராந்தாவில் இடமில்லாமல் எல்லாரையும் ஒரே அறையில் உட்கார வைத்திருந்தார்கள். நல்ல வெயில். டீச்சர் இதை மற்ற மூன்றோடு சேர்க்காமல் தனியாகக் குறித்தார். ஒரே செயலுக்கு இரண்டு காரணம் இருக்கலாம். கூட்டத்துக்கும் வெக்கைக்கும் மருந்து வேறு; அவனைக் கதவோரம் உட்கார வைப்பது, பள்ளியிலேயே முடிகிற வேலை. வீட்டுக்கு அனுப்ப வேண்டியது முதல் வகை மட்டும்.

வார முடிவில் நோட்டில் ஒரு கேள்வி போனது: "அம்மா, வீட்டில் தம்பிக்குப் போதும் என்றால் எப்படிக் காட்டுவான்?" பதில், பக்கத்து வீட்டுப் பெண்ணின் கையெழுத்தில் வந்தது: "ஆயா ஊட்டுவாங்க. மூஞ்சி திருப்பினா விட்டுடுவாங்க டீச்சர்." விஷயம் இதற்குள் இருக்கிறது. வீட்டில் முகத்தைத் திருப்பினாலே ஆயாவுக்குப் புரிந்துவிடுகிறது. பள்ளியில் முகம் திருப்பியதை யாரும் பார்ப்பதில்லை; தட்டு பறந்தால்தான் பார்க்கிறார்கள். பையனுக்குத் தேவை அடக்கம் கிடையாது, யார் பார்த்தாலும் புரிகிற ஒரு "போதும்".

அதற்கு ஒரு அட்டை செய்தோம். பழைய கல்யாணப் பத்திரிகையின் கெட்டி அட்டையில் உள்ளங்கை அளவு வெட்டி, அவனுடைய தட்டு காலியாக இருக்கும் போட்டோவை ஒட்டி, கீழே "போதும்" என்று எழுதி, ஈரக் கை படும் என்பதால் முழுக்க செல்லோடேப் சுற்றியது. ஒரே மாதிரி இரண்டு: ஒன்று பள்ளிக்கு, ஒன்று வீட்டுக்கு. படம் வேறு வேறாக இருந்தால் இரண்டும் ஒன்று என்று அவன் எடுத்துக்கொள்ளாமல் போகலாம்.

அன்றைய நோட்டின் கடைசி வரிகள் இவை:

"வீட்டு வேலை: இன்று மாலை டிபனுக்கு மட்டும், ஒரே தடவை. ஆயா ஊட்டாமல் தட்டில் அரை இட்லி வையுங்கள். அட்டை தட்டுக்கு வலப்பக்கம் இருக்கட்டும். தம்பி முகம் திருப்பினாலோ தட்டைத் தள்ளினாலோ, அட்டையை அவன் கைக்குப் பக்கத்தில் நகர்த்துங்கள். தொட்டாலே போதும். 'போதும்' என்று ஒருமுறை சொல்லி உடனே தட்டை எடுத்துவிடுங்கள். தொடாவிட்டால் நீங்களே அட்டையைத் தொட்டுக் காட்டி, 'போதும்' என்று சொல்லித் தட்டை எடுங்கள். கையைப் பிடித்து இழுக்க வேண்டாம். தானாகத் தொட்டால் டிக், நீங்கள் நகர்த்தியபின் தொட்டால் அரை டிக், தொடவில்லை என்றால் கோடு."

ஏன் அரை இட்லி? நாலு இட்லி வைத்துக் காத்திருந்தால் "போதும்" வர அரை மணி ஆகும், அதற்குள் அம்மாவுக்கு வேலை வந்துவிடும். கொஞ்சமாக வைத்தால் அந்தத் தருணம் சீக்கிரம் வரும். அவனுக்கு இன்னும் பசி என்றால் அடுத்த அரை இட்லி வைக்கலாம்.

உடனே எடுப்பதுதான் மொத்த வேலையின் உயிர். அட்டையைத் தொட்ட அடுத்த நொடி தட்டு போக வேண்டும். ஐந்து நொடி தாமதித்தால் அவன் பழையபடி தள்ளுவான், தள்ளியதற்குத்தான் தட்டு போனது என்று ஆகிவிடும்.

எங்கே கெடும், எப்படித் தெரியும்

முதல் இரண்டு நாள் கோடு வந்தது. மூன்றாம் நாள் அரை டிக். நாலாம் நாளும் அரை டிக், அதன் கீழே அம்மா எழுதச் சொன்ன ஒரு வரி: "அட்டைய தொட்டான். ஆயா இன்னும் ஒரு வாய்னு வெச்சாங்க. தள்ளிட்டான்."

எந்த வீட்டிலும் நடக்கும். "இன்னும் ஒரு வாய்" என்பது நம் ஊர்ப் பாசம். ஆனால் அட்டையைத் தொட்டும் சோறு வருகிறதென்றால் அட்டைக்கு அர்த்தமில்லை என்றுதான் அவன் கற்றுக்கொள்வான். இந்தப் பதிலுக்கு டீச்சர் ஆயாவைக் குறை சொல்லி எழுதவில்லை. மறுநாள் வேலையை மாற்றி எழுதினார்: "ஆயா, அட்டை தொட்டதும் தட்டை நீங்களே எடுத்து மேலே வையுங்கள். அரை மணி கழித்து மறுபடியும் கொடுங்கள், அப்போது சாப்பிட்டால் சாப்பிடட்டும்." தட்டை எடுக்கும் வேலையே ஆயாவுடையது ஆனது. பிள்ளை பட்டினி கிடப்பானோ என்ற பயத்துக்கும் அதில் பதில் இருந்தது. வீட்டில் எதிர்ப்பு வந்தால், எதிர்ப்பவருக்கே அந்த வேலையில் ஒரு பங்கு கொடுத்துப் பாருங்கள்.

பள்ளியிலும் அதே வேலை, அதே விதி, மதியச் சாப்பாட்டில் நடந்தது. சத்துணவு ஆயாம்மாவுக்கும் அட்டையைக் காட்டி, இதைத் தொட்டால் இன்னொரு கரண்டி வைக்க வேண்டாம் என்று சொல்லி வைத்தார்கள். இது நடக்காவிட்டால் வீட்டில் எவ்வளவு பழக்கியும் பயனில்லை. ஒரு இடத்தில் கற்றதைத் தானாக இன்னொரு இடத்துக்குக் கொண்டுபோவது இந்தக் குழந்தைகளில் பலருக்குச் சிரமம். இரண்டு வாரத்தில் அரை டிக்குகள் கூடின. பள்ளியில் தட்டு பறந்த நாள்கள் குறைந்தன, அடியோடு நிற்கவில்லை.

வேலை சரியில்லை என்பதற்கு நோட்டே அடையாளம் காட்டும். வீட்டுக் கட்டம் தொடர்ந்து மூன்று நாள் காலியாக வந்தால், வேலை அந்த வீட்டுக்குப் பெரிதாக இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சோம்பேறித்தனம் என்று எழுதாமல் வேலையைப் பாதியாகக் குறையுங்கள், அல்லது நேரத்தை மாற்றுங்கள். டிக் கட்டம் தினமும் நிறைந்து, பள்ளியில் மட்டும் எதுவும் மாறவில்லை என்றால், அட்டை பள்ளியில் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். பாதி நேரம் அது டீச்சர் பையில்தான் இருக்கும். வாரக்கணக்கில் கோடாகவே வந்தால் யூகமே தப்பாக இருக்கலாம். அவனுக்கு வாசனை ஒத்துவராமல் இருக்கலாம், பல் வலி இருக்கலாம். மறுபடி ஒரு வாரம் முன்துண்டு, பின்துண்டு எழுதுங்கள்.

இன்னொரு பக்கம் போகவும் வாய்ப்புண்டு. அட்டை வேலை செய்கிறது என்று தெரிந்ததும் சில பிள்ளைகள் முதல் வாயிலேயே அட்டையைத் தொடுவார்கள். சில நாள் அதையும் மதித்தே ஆக வேண்டும். சாப்பிடும் அளவு உண்மையிலேயே குறைகிறதா என்பதை "எவ்வளவு சாப்பிட்டான்" வரி சொல்லும். குறைந்தால், இரண்டு வாய் சாப்பிட்ட பிறகு அட்டையைத் தட்டுப் பக்கத்தில் வைப்பது என்று மாற்றலாம். எடை இறங்கினால் நோட்டோடு டாக்டரைப் பார்க்க வேண்டும்.

வேலையைத் தினமும் மாற்றாதீர்கள். நோட்டு தினசரி என்பதால் வேலையும் தினசரி மாற வேண்டியதில்லை. குறைந்தது ஒரு வாரம் அதே வேலை, சின்னத் திருத்தங்களோடு. "நேற்றைய வேலையே இன்றும்" என்று மூன்று சொல் எழுதினால் போதும்.

நோட்டில் எழுதக்கூடாத செய்திகள்

சில விஷயங்கள் நாலு மணி வரை காத்திருக்காது. அடிபட்டு ரத்தம் வந்தது, தலையில் அடி, கேட்டைத் தாண்டி ரோட்டுக்கு ஓடிவிட்டான், வலிப்பு: இவற்றுக்கு உடனே போன். நோட்டில் பிறகு எழுதலாம். வலிப்பு என்றால் ஆரம்பித்த மணியைப் பாருங்கள், பக்கவாட்டில் படுக்க வையுங்கள், வாயில் எதையும் திணிக்காதீர்கள். இரும்புச் சாவியைக் கையில் கொடுப்பதால் எந்தப் பயனும் இல்லை. ஐந்து நிமிடத்தைத் தாண்டினாலோ, நின்று மறுபடி வந்தாலோ, அவனுக்கு இதுதான் முதல் வலிப்பு என்றாலோ 108. வீட்டுக் கட்டத்தில் "மருந்து கொடுத்தாயிற்று" டிக் இருந்ததா என்பதையும் ஆம்புலன்ஸில் சொல்லுங்கள்.

மருந்தைக் கூட்டு, குறை, நிறுத்து என்று நோட்டில் யாரும் எழுதக்கூடாது. டீச்சருக்கும் சிறப்பாசிரியருக்கும் அது வேலையில்லை. அதேபோல, உடம்பில் தடிப்போ தழும்போ தெரிந்தால் அதை நோட்டில் எழுதி, அடித்தவர் கையிலேயே படிக்கக் கொடுக்க வேண்டாம். தலைமையாசிரியரிடம் சொல்லி, 1098 சிறார் உதவி எண்ணில் பேசுங்கள்.

நோட்டு நிறைந்தபின்

மாதம் ஒருமுறை நோட்டைப் புரட்டி ஒரே ஒரு பக்கத்தில் சுருக்கம் எழுதுங்கள்: எது எத்தனை நாள் நடந்தது, எந்தெந்தச் சூழலில், எந்த வேலை எப்படிப் போனது. சி.எம்.சி.க்கோ அடுக்கம்பாறை அரசு ஆஸ்பத்திரிக்கோ மறுபரிசோதனைக்குப் போகும்போது இதைக் கொண்டுபோனால், "எப்படி இருக்கான்?" என்ற கேள்விக்கு "பரவாயில்லை டாக்டர்" என்று முடிக்க வேண்டி வராது. தூக்கம், மலம், மருந்துக் கட்டங்களை டாக்டர்கள் முதலில் பார்ப்பார்கள்.

நம் பையன் அட்டையைத் தானாகத் தொடுவது வழக்கமானதும் சாப்பாட்டைப் பற்றி மூன்று துண்டு எழுதுவதை டீச்சர் நிறுத்திவிட்டார். அளவு மட்டும் எழுதுகிறார். அட்டை இப்போது எழுதும் நேரத்துக்கும் போயிருக்கிறது. ஸ்லேட்டைத் தள்ளும்போது அதே "போதும்", ஆனால் அங்கே விதி கொஞ்சம் வேறு: அட்டை தொட்டால் இரண்டு நிமிடம் ஓய்வு, அப்புறம் இன்னும் ஒரு எழுத்து. வீட்டு வேலையும் மாறிவிட்டது. காலையில் சட்டை மாட்டும்போது கடைசிப் பொத்தானை மட்டும் அவனே போட வேண்டும், மற்றதெல்லாம் ஆயா.

மூன்றாம் வகுப்புக்குப் போகும்போது முதல் பக்கத்தைப் புதிதாக எழுதி, மாதச் சுருக்கங்களைக் கிழித்துப் பின் போட்டுப் புது டீச்சரிடம் ஜூனில் பள்ளி திறக்கும் முதல் நாளே கொடுத்துவிடுங்கள். பழைய நோட்டுகள் அம்மாவிடமே இருக்கட்டும்.